நீண்ட விடுப்பில் போகிறவரின் ஒப்படைப்பு மெயில்: வினையின் காலத்தையும் நாள் சொற்களையும் திருத்துவது எப்படி

ஏற்காட்டில் காபி எஸ்டேட், சேலத்தில் டவுன் ஆபீஸ் என்று இரண்டு இடத்தில் நடக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மேலேயிருந்து கீழேயும் கீழேயிருந்து மேலேயும் போகிற முக்கியமான மெயில்களை, அனுப்பும் முன் ஒரு முறை படித்துத் திருத்திக் கொடுப்பது என் பொறுப்பு. அதில் எழுத்துப்பிழை சுலபம். நீண்ட விடுப்பில் போகிறவர் எழுதும் ஒப்படைப்பு மெயில்தான் கடினம். அதைப் புதிதாகத் திருத்த உட்காருகிறவர்கள் ஒற்றெழுத்தைச் சரிசெய்துவிட்டு, மெயில் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்த மெயில் எழுதப்படுவது ஒரு நாளில், படிக்கப்படுவது ஆறு மாதம் முழுக்க. எழுதிய நாளில் சரியாக இருந்த 'நாளை', 'அனுப்புவேன்', 'வரும்' எல்லாம் படிக்கிற நாளில் தவறாகிவிடும். இந்த வழிகாட்டி அதைப் பற்றி மட்டும்தான்.

எஸ்டேட் ஆபீஸில் கணக்கு பார்க்கும் பெண் 2025இல் பிரசவ விடுப்பில் போகும் முன் எழுதிய வரைவை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய சம்மதத்தோடு பெயர்களை எடுத்துவிட்டு, பதவியை மட்டும் வைத்திருக்கிறேன். வரைவு என் கைக்கு வந்தது அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. அதில் வரும் பல்பர் பழத்தின் தோல் நீக்கும் இயந்திரம், கியூரிங் என்பது காயவைத்த காபியின் உமி நீக்கித் தரம் பிரிக்கும் ஆலை, செக்ரோல் என்பது ஆட்களின் வருகைப் பதிவேடு.

> அனைவருக்கும் வணக்கம். அடுத்த திங்கள் முதல் ஆறு மாதம் பிரசவ விடுப்பில் செல்கிறேன்.
> 1. அக்டோபர் சம்பளப் பட்டியல் தயார் செய்கிறேன். பி.எஃப். 15ஆம் தேதிக்குள் கட்டப்படும்.
> 2. டிடிஎஸ் விவரத்தை ஆடிட்டருக்கு மாதா மாதம் 5ஆம் தேதி அனுப்புவேன்.
> 3. பல்பர் மோட்டாரைப் போன வாரம் காயில் கட்ட அனுப்பினோம். இரண்டு நாளில் வரும்.
> 4. சாக்குக்குக் கொட்டேஷன் கேட்டிருந்தேன். வந்ததும் ஆர்டர் போடலாம்.
> 5. முதல் லோடு மாதக் கடைசியில் கியூரிங் போகும். லாரிக்கு முன்பணம் கொடுத்திருப்பேன்.
> 6. பொங்கல் வரை செக்ரோல் மேஸ்திரி எழுதுவார், அப்புறம் ஆபீஸ் பார்க்கும்.
> 7. வருஷக் கடைசியில் ஸ்டோர் இருப்பு எடுக்க வேண்டும்.
> ஏதாவது என்றால் கூப்பிடுங்கள். மே முதல் வாரம் வந்துவிடுகிறேன்.

படித்தால் குறை தெரியாது. பேச்சில் நாம் இப்படித்தான் சொல்வோம். எதிரில் இருப்பவரும் புரிந்துகொள்வார், ஏனென்றால் இருவரும் ஒரே நாளில் நிற்கிறார்கள்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிழமையோடு கூடிய காலண்டர், இந்த வருடத்துடையதும் அடுத்த வருடத்துடையதும். விடுப்பு அனுமதிக் கடிதத்தின் நகல். அலுவலகத்தின் விடுமுறைப் பட்டியல். அப்புறம், எழுதியவரிடம் அரை மணி நேரம்.

கடைசியாகச் சொன்னதுதான் முதன்மையானது. அவர் விடுப்பில் போன பிறகு இந்தத் திருத்தத்தைச் செய்ய முடியாது. 'அடுத்த திங்கள்' என்றால் எந்தத் திங்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். நமக்குத் தெரியும் என்று நினைத்து ஒரு தேதியைப் போட்டுவிட்டால், முன்பு குழப்பமாக இருந்த வரி இப்போது தெளிவாகத் தவறாகிவிடும். குழப்பமான வரியைப் பார்ப்பவர் சந்தேகப்பட்டுக் கேட்பார். தெளிவான தவறை யாரும் கேட்க மாட்டார்கள்.

மெயிலை அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் படித்தால் கண் பழக்கத்தில் ஓடிவிடுகிறது.

## 2. வினையைத் தொடும் முன் மூன்று தேதிகள்

புதியவர்கள் எல்லோரும் வினைச்சொல்லில் ஆரம்பிக்கிறார்கள். 'செல்கிறேன்' சரியா, 'செல்ல இருக்கிறேன்' சரியா என்று யோசிக்கிறார்கள். மெயில் எந்த நாளில் போகிறது என்று தெரியாமல் அதற்கு விடை கிடையாது. ஆகவே முதலில் தேதிகள்: அனுப்பும் நாள், விடுப்பு தொடங்கும் நாள், திரும்பும் நாள்.

தொடங்கும் நாளைக் கேட்டேன்.

"கண்ணு, அடுத்த திங்கள்னா 27ஆ, நவம்பர் 3ஆ?"

"மூணுதானுங்க அக்கா. 27ன்னா வர்ற திங்கள்னு எழுதியிருப்பேனே."

அவருக்கு 'வருகிற திங்கள்' வேறு, 'அடுத்த திங்கள்' வேறு. டவுன் ஆபீஸ் கேஷியருக்கு இரண்டும் ஒன்று. இருவர் சொல்வதும் தமிழ்தான், இருவரும் சரிதான். அதனால்தான் அந்தச் சொல் மெயிலில் இருக்கக் கூடாது.

திரும்பும் நாளை எண்ணித்தான் எழுத வேண்டும். வரைவில் 'ஆறு மாதம்' என்று இருக்கிறது, அனுமதிக் கடிதத்தில் 26 வாரம் என்று இருக்கிறது. 26 வாரம் என்றால் 182 நாள். ஆறு மாதமோ எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து 181 முதல் 184 நாள் வரை மாறும். நவம்பர் 3 திங்களிலிருந்து 182 நாள் எண்ணினால் கடைசி நாள் 2026 மே 3, ஞாயிறு. வேலைக்கு வர வேண்டிய நாள் மே 4, திங்கள். வாரக் கணக்கில் விடுப்பு எடுத்தால் தொடங்கிய கிழமையிலேயே திரும்ப வேண்டியிருக்கும். உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க இது ஒரு சுலபமான வழி.

அனுப்பும் நாளாக நான் கடைசி வேலை நாளை வைக்க மாட்டேன். அதற்கு முந்தைய நாள், அக்டோபர் 30 வியாழன் என்று முடிவு செய்தோம். மெயிலைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்க ஒரு முழு நாளாவது அவர் இருக்கையில் இருக்க வேண்டும்.

வினைகளின் காலத்தை அளக்கும் கோல் இனி இந்த அக்டோபர் 30தான். வரைவு எழுதிய 24ஆம் தேதி இல்லை. அந்த ஆறு நாளில் சில 'வரும்'கள் 'வந்தது' ஆகிவிடும். பல்பர் மோட்டார் வரியில் அதுதான் நடந்தது.

## 3. நாள் சொற்களை வட்டமிட்டுத் தேதியாக்குங்கள்

இப்போது பென்சிலை எடுத்து, காலம் காட்டும் எல்லாச் சொற்களையும் வட்டமிடுங்கள். அடுத்த, போன, வருகிற, நாளை, இப்போது, இன்னும், தற்போது, விரைவில், மாதக் கடைசி, வருஷக் கடைசி, பொங்கல் வரை, அப்புறம். சொல் சின்னதாக இருக்கிறதென்று விடாதீர்கள். 'அப்புறம்' என்ற ஒரே சொல் இந்த மெயிலில் ஐந்து நாள் இடைவெளியை மறைத்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது: இதே சொல்லை ஜனவரியில் படித்தால் இதே நாளைக் குறிக்குமா? குறிக்காது என்றால் தேதியாக்க வேண்டும். தேதியை '3 நவம்பர் 2025 (திங்கள்)' என்று மாதப் பெயரும் கிழமையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். 03.11 என்று மட்டும் எழுதினால் மாதத்தை முதலில் படிக்கும் பழக்கமுள்ளவர் மார்ச் 11 என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. வருடமும் வேண்டும், விடுப்பு இரண்டு வருடத்தில் விழுகிறது.

மூன்று சொற்கள் அடிக்கடி ஆளைக் கவிழ்க்கின்றன.

மாதக் கடைசி. எந்த மாதம்? அக்டோபரில் எழுதியதால் கேஷியர் அக்டோபர் கடைசி என்று படித்தார். சேர்வராயன் மலையில் அரபிகா அறுவடை நவம்பர் வாக்கில்தான் சூடுபிடிக்கும். பழத்தைப் பறித்து, பல்பரில் தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயவைத்த பிறகுதான் பார்ச்மென்ட் எனப்படும் உமியோடு கூடிய கொட்டை லாரி ஏறும். எழுதியவர் மனதில் இருந்தது டிசம்பர் கடைசி. வேலை தெரிந்தவருக்கு இது சொல்லாமலே புரியும். டவுனில் பணம் எடுத்து வைக்க வேண்டியவருக்குப் புரியாது.

வருஷக் கடைசி. கணக்கில் இருப்பவருக்கு மார்ச் 31. மற்றவர்களுக்கு டிசம்பர் 31. விடுப்புக்குள் இரண்டுமே விழுவதால் இதை விட்டுவைக்கவே முடியாது. கேட்டதில், மார்ச் 31 என்றார்.

பொங்கல் வரை. பொங்கல் நாளும் சேருமா? போகி முதல் காணும் பொங்கல் வரை நான்கு நாளா? 2026இல் பொங்கல் ஜனவரி 15, வியாழன். ஆட்கள் 14ஆம் தேதியே ஊருக்குப் போய்விடுவார்கள், 19 திங்களன்றுதான் திரும்புவார்கள் என்று எஸ்டேட் எழுத்தரான ரைட்டர் சொன்னார். ஆக, 'பொங்கல் வரை' என்பது 13 ஜனவரி (செவ்வாய்) வேலை முடியும் வரை. 'அப்புறம்' என்பது 19 ஜனவரி (திங்கள்) முதல்.

'வரை', 'க்குள்', 'முதல்' மூன்றையும் தேதிக்குப் பின்னால் போடும்போது அந்த நாள் உள்ளேயா வெளியேயா என்று தெரிய வேண்டும். '13 வரை' என்பதைவிட '13 மாலை வரை' என்பது சண்டை வராத எழுத்து. அதேபோல் 'பத்து நாளில்' என்றால் பத்து நாளுக்குள், 'பத்து நாள் கழித்து' என்றால் அதற்குப் பிறகு. 'இன்றைக்கு எட்டாம் நாள்' என்று இன்றையும் சேர்த்து எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது அடுத்த வாரத்தின் இதே கிழமை. நாள் எண்ணிக்கை எங்கே வந்தாலும் எண்ணி முடித்த தேதியை எழுதிவிடுங்கள்.

## 4. 'நான்' வினைகள்: விடுப்பின் எந்தப் பக்கம்?

தேதிகள் முடிந்தன. இப்போது வினை. முதலில் தன்மை வினைகளை மட்டும் தேடுங்கள். திரையில் Ctrl + F போட்டு வேன், பேன், றேன், தேன், னேன், டேன் என்று ஒவ்வொன்றாகத் தேடினால் செய்வேன், கொடுப்பேன், செய்கிறேன், செய்தேன், அனுப்பினேன், விட்டேன் எல்லாம் அகப்படும்.

விதி எளிது. எழுதியவர் 'நான் செய்வேன்' என்று சொல்ல முடிந்தது நவம்பர் 3க்கு முன்பும் மே 4 முதலும் மட்டும்தான். நடுவில் ஒரு 'வேன்' இருந்தால் அங்கே ஆளை மாற்ற வேண்டும், அல்லது அந்த வினை வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறது.

'தயார் செய்கிறேன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகப் பேச்சில் நிகழ்காலம் பாதி நேரம் வாக்குறுதிதான். "பார்க்கிறேன்", "அனுப்பி வைக்கிறேன்" என்றால் இனிமேல் செய்வேன் என்று பொருள். ஆக இந்த ஒரு வரிக்கு மூன்று அர்த்தம்: இப்போது செய்துகொண்டிருக்கிறேன், இனி செய்து தருவேன், ஒவ்வொரு மாதமும் செய்வது நான்தான். நவம்பர் பத்தாம் தேதி இதைப் படிக்கும் கேஷியர் எதை எடுத்துக்கொள்வார்?

கேட்டேன். பட்டியலை 31ஆம் தேதி மாலைக்குள் முடித்துவிடுவதாகச் சொன்னார். சரி, இது விடுப்புக்கு முன்பக்கம், அதனால் 'வேன்' நிற்கலாம்: '31 அக்டோபர் (வெள்ளி) மாலைக்குள் முடித்துக் கேஷியரிடம் கொடுத்துவிடுவேன்.' கூடவே, நவம்பர் பட்டியல் முதல் யார் என்பதற்கு இன்னொரு வரி சேர்ந்தது. அது வரைவில் இல்லவே இல்லை. 'செய்கிறேன்' என்ற வினை அந்த ஓட்டையை மூடி வைத்திருந்தது.

## 5. வழக்கமா, வரப்போவதா? எதிர்காலத்தின் இரட்டை வேலை

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தமிழில் எதிர்கால வினை, இனி நடப்பதையும் சொல்லும், வழக்கமாக நடப்பதையும் சொல்லும். "எங்கள் தாத்தா காலையில் நாலு மணிக்கு எழுந்திருப்பார்" என்றால் அவர் இனி எழப்போவதில்லை. வழக்கத்தைச் சொல்கிறோம்.

ஒப்படைப்பு மெயிலில் இது நேராகத் தீங்கு செய்யும். 'டிடிஎஸ் விவரத்தை மாதா மாதம் 5ஆம் தேதி அனுப்புவேன்' என்று அவர் எழுதியது, இதுவரை செய்துவந்த வழக்கத்தை. படிக்கிறவருக்கு, விடுப்பிலும் வீட்டிலிருந்து அனுப்புவார் என்று கேட்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படிப்பட்ட வரியை நம்பி, ஒருவரும் அனுப்பாமல் ஒரு மாதக் கெடு தப்பியது. வட்டி கட்ட வேண்டியிருந்தது. எழுதியவரையும் குறை சொல்ல முடியவில்லை, படித்தவரையும் குறை சொல்ல முடியவில்லை.

சோதனை இதுதான். வினைக்கு முன்னால் ஒரு முறை 'வழக்கமாக' என்று போட்டுப் படியுங்கள். இன்னொரு முறை 'இந்த முறை' என்று போட்டுப் படியுங்கள். ஒன்று மட்டும் பொருந்தினால் வினை தெளிவாக இருக்கிறது. இரண்டும் பொருந்தினால் திருத்த வேண்டும்.

'பொங்கல் வரை செக்ரோல் மேஸ்திரி எழுதுவார்' என்ற வரியில் இரண்டும் பொருந்துகின்றன. வருடா வருடம் அறுவடையில் அவர்தான் எழுதுவாரா, இந்த விடுப்புக்காக எழுதப்போகிறாரா? முதலாவது என்றால் மேஸ்திரிக்கு எதுவும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது என்றால் அவரிடம் இன்னும் யாரும் சொல்லவே இல்லாமல் இருக்கலாம்.

திருத்தும்போது மூன்று வடிவங்களை மட்டும் பயன்படுத்துங்கள். வழக்கத்துக்கு 'அனுப்புவது வழக்கம்'. கடமைக்கு 'அனுப்ப வேண்டும்', முன்னால் ஆள். ஒப்புக்கொண்டு ஒரு முறையோ குறிப்பிட்ட காலத்துக்கோ செய்யப்போவதற்கு 'அனுப்புவார்', முன்னால் ஆள், அதற்கும் முன்னால் தேதி. டிடிஎஸ் வரி இப்போது இரண்டு வாக்கியமானது: 'ஆடிட்டருக்கு மாதா மாதம் 5ஆம் தேதி நான் அனுப்புவது வழக்கம். 5 நவம்பர் 2025 முதல் கேஷியர் அனுப்ப வேண்டும்.'

அடுத்தது 'உம்' வினைகள்: வரும், போகும், கட்டப்படும், ஆபீஸ் பார்க்கும். இவற்றில் ஆளே கிடையாது. 'பி.எஃப். கட்டப்படும்' என்றால் யாரால்? 'ஆபீஸ் பார்க்கும்' என்றால் ஆபீஸில் யார்? 'உம்' என்று முடியும் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் 'யார்?' என்று எழுதிவிடுங்கள். திரையில் தேடினால் 'மாதமும்', 'நானும்' எல்லாம் வந்து நிற்கும், அதனால் இதைத் தாளில்தான் செய்கிறேன். பதிலாக ஒரு பதவி வராத வரை அந்த வரியை விடாதீர்கள்.

## 6. இருந்தேன், இருக்கிறேன், இருப்பேன்

ஓர் எழுத்து மாறினால் நிலவரமே மாறும் இடம்.

'கொட்டேஷன் கேட்டிருந்தேன்' என்றால், கேட்டேன், அதற்குப் பிறகு ஏதோ நடந்தது என்று காது எதிர்பார்க்கிறது. வந்ததா, கேட்டதை விட்டுவிட்டீர்களா? 'கேட்டிருக்கிறேன்' என்றால் கேட்டது இன்னும் நிலுவையில் இருக்கிறது. அவர் சொல்ல வந்தது இரண்டாவது. ஆனாலும் 'இருக்கிறேன்' மட்டும் போதாது, எந்த நாள் நிலவரம் என்பதையும் சேர்க்க வேண்டும்: '21 அக்டோபர் (செவ்வாய்) கேட்டிருக்கிறேன். 30 அக்டோபர் வரை பதில் வரவில்லை.'

'இருப்பேன்' இதைவிட ஆபத்து. 'லாரிக்கு முன்பணம் கொடுத்திருப்பேன்' என்பதை, அதற்குள் கொடுத்து முடித்திருப்பேன் என்றும் படிக்கலாம், கொடுத்ததாகத்தான் நினைவு என்றும் படிக்கலாம். பணம் சம்பந்தப்பட்ட வரியில் இரண்டுமே கூடாது.

"முன்பணம் கொடுத்தாச்சா?"

"இல்லீங்க அக்கா. போறதுக்குள்ள கொடுத்துடலாம்னு இருந்தேன். லோடு தேதியே முடிவாகல."

அப்படியென்றால் அந்த வினை 'கொடுக்கவில்லை' என்றுதான் இருக்க வேண்டும். கொடுத்திருப்பேன் என்பதை நம்பிக் கேஷியர் பேசாமல் இருந்திருந்தால், லாரி வராத நாளில்தான் விஷயம் தெரிந்திருக்கும். புதிதாகத் திருத்துகிறவர்கள் இந்த இடத்தில் 'கொடுத்திருப்பேன்' என்பதை 'கொடுத்துவிட்டேன்' என்று அழகாக மாற்றிவிடுகிறார்கள். வாக்கியம் நேராகிவிடும், செய்தி பொய்யாகிவிடும்.

பல்பர் மோட்டார் வரியையும் இங்கேயே முடித்தேன். 'இரண்டு நாளில் வரும்' என்று அவர் எழுதியது 24ஆம் தேதி. வேலை தாமதமாகி, 29ஆம் தேதி புதன்கிழமை வந்தது. மெயில் போவது 30. ஆகவே எதிர்காலம் இறந்தகாலம் ஆனது. பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டாக வேண்டும், கிடந்தால் புளித்துச் சுவை கெடும். மோட்டார் வந்துவிட்டதா இல்லையா என்பது மேலே இருப்பவர்கள் முதலில் தேடும் வரி.

## 7. வந்ததும், வந்தால், போடலாம்

'வந்ததும் ஆர்டர் போடலாம்.' கொட்டேஷன் வராமலே போனால்? 'ததும்', 'தவுடன்', 'தால்' எல்லாம் நாளை இன்னொரு நிகழ்ச்சியில் கட்டிவைக்கின்றன. அந்த நிகழ்ச்சி நடக்காவிட்டால் வேலையும் நடக்காது. இப்படிப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் ஒரு கடைசித் தேதியும், அதற்குள் வராவிட்டால் என்ன என்பதும் வேண்டும்.

'போடலாம்' என்பதும் முடிவில்லாத சொல். அனுமதியா, யோசனையா, உத்தரவா? ரைட்டருக்கு அதிகாரம் கொடுப்பதாக இருந்தால் 'ரைட்டர் ஆர்டர் போட வேண்டும்' என்று எழுதுங்கள்.

கேட்டு வாங்கிய பதில், நவம்பர் 7 வரை பார்த்துவிட்டு, வராவிட்டால் போன வருடம் வாங்கிய கடையில் போடுவது. அதை அப்படியே எழுதப்போனால் திருத்தத்திலேயே ஒரு 'போன வருடம்' நுழைந்துவிடுகிறது. '2024இல் வாங்கிய கடையில்' என்று எழுதினோம். திருத்திய வரிகளையும் மூன்றாம் படியின் பென்சிலோடு மறுபடி பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

## 8. தேதியையும் கிழமையையும் காலண்டரில் ஒத்துப்பாருங்கள்

மெயிலில் உள்ள ஒவ்வொரு தேதியையும் காலண்டரில் விரல் வைத்துப் பாருங்கள். கிழமை ஒத்துவராவிட்டால் இரண்டில் ஒன்று தவறு. கிழமையும் எழுதச் சொன்னது இந்தப் பிழை தானாக வெளியே வரட்டும் என்றுதான்.

மாதா மாதம் வரும் வேலைகளுக்கு இது இன்னும் தேவை. பி.எஃப். கெடு 15ஆம் தேதி. 2026 ஜனவரி 15 பொங்கல். பிப்ரவரி 15 ஞாயிறு, மார்ச் 15ம் ஞாயிறு. ஏப்ரல் 15க்கு முந்தைய நாள் தமிழ்ப் புத்தாண்டு. 'ஒவ்வொரு மாதமும் 15க்குள்' என்று ஒரே வரியில் விட்டால் ஒவ்வொரு மாதமும் கடைசி நேரத்தில் யாராவது ஓட வேண்டியிருக்கும். ஆறு தேதியையும் எழுதிவிட்டோம்.

'மாதா மாதம்' என்ற சொல் விதிவிலக்கையும் விழுங்கிவிடும். டிடிஎஸ் கட்டும் கெடு அடுத்த மாதம் 7ஆம் தேதி, ஆனால் மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. விடுப்பு மார்ச்சைத் தாண்டிப் போனால் இதைத் தனியாகக் கேளுங்கள்.

## 9. மூன்று நாட்களில் நின்று வாய்விட்டுப் படியுங்கள்

திருத்தியதை மூன்று முறை படிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு நாளில் இருப்பதாக நினைத்துக்கொண்டு. நான் எடுத்தது நவம்பர் 3, ஜனவரி 13, ஏப்ரல் 30. முதல் நாள், நடுவில் பொறுப்பு கைமாறும் நாள், கடைசிக் கெடு. ஒவ்வொரு வரியிலும், 'இன்று நான் செய்ய வேண்டியது எது?' என்று விடை தெரிகிறதா பாருங்கள்.

ஜனவரி 13இல் நின்று படித்தபோதுதான் 'ஏதாவது என்றால் கூப்பிடுங்கள்' என்ற வரி உறுத்தியது. அதற்குக் காலமே இல்லை. கைக்குழந்தையோடு இருப்பவரை அறுவடை முடியும் வரை எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டிருக்க அது வழிவிடுகிறது. கேள்விகளுக்கு 31 மாலை வரை என்று எல்லை வைத்தோம், பிறகு மேனேஜர்.

'மே முதல் வாரம் வந்துவிடுகிறேன்' என்பதிலும் கவனம் வேண்டும். உடல்நிலை பொறுத்த நாள் அது. தேதி இருக்கட்டும், வினை வாக்குறுதியாக இருக்க வேண்டாம். 'திரும்பத் திட்டம்' போதும்.

## 10. திருத்திய மெயில்

> பொருள்: பிரசவ விடுப்பு, 3 நவம்பர் 2025 முதல் 3 மே 2026 வரை: பொறுப்பு ஒப்படைப்பு
>
> அனைவருக்கும் வணக்கம். 3 நவம்பர் 2025 (திங்கள்) முதல் 3 மே 2026 (ஞாயிறு) வரை 26 வாரப் பிரசவ விடுப்பில் இருப்பேன். 4 மே 2026 (திங்கள்) வேலைக்குத் திரும்பத் திட்டம். கீழே இருப்பது 30 அக்டோபர் 2025 நிலவரம்.
>
> 1. அக்டோபர் சம்பளப் பட்டியலை 31 அக்டோபர் (வெள்ளி) மாலைக்குள் முடித்துக் கேஷியரிடம் கொடுத்துவிடுவேன். நவம்பர் பட்டியல் முதல் ரைட்டர் தயாரிப்பார். பி.எஃப். தொகையைக் கேஷியர் கட்ட வேண்டும்: 14 நவம்பர் (வெள்ளி), 12 டிசம்பர் (வெள்ளி), 13 ஜனவரி (செவ்வாய்), 13 பிப்ரவரி (வெள்ளி), 13 மார்ச் (வெள்ளி), 13 ஏப்ரல் (திங்கள்).
> 2. டிடிஎஸ் விவரத்தை ஆடிட்டருக்கு மாதா மாதம் 5ஆம் தேதி நான் அனுப்புவது வழக்கம். 5 நவம்பர் 2025 (புதன்) முதல் கேஷியர் அனுப்ப வேண்டும். கட்டும் கெடு 7ஆம் தேதி. மார்ச் மாதத்துக்கு மட்டும் 30 ஏப்ரல் 2026 (வியாழன்).
> 3. பல்பர் மோட்டார் 29 அக்டோபர் (புதன்) திரும்பி வந்துவிட்டது. பில் தொகையை 7 நவம்பர் (வெள்ளி) மாலைக்குள் கேஷியர் கொடுக்க வேண்டும்.
> 4. சாக்குக்கு 21 அக்டோபர் (செவ்வாய்) கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். 30 அக்டோபர் வரை பதில் வரவில்லை. வந்ததும் ரைட்டர் ஆர்டர் போட வேண்டும். 7 நவம்பர் (வெள்ளி) மாலை வரை வராவிட்டால் 2024இல் வாங்கிய கடையில் போட வேண்டும்.
> 5. முதல் லோடு 22 டிசம்பர் (திங்கள்) முதல் 27 டிசம்பர் (சனி) மாலைக்குள் கியூரிங் போக வேண்டும். நாளை மேனேஜர் 15 டிசம்பருக்குள் (திங்கள்) முடிவு செய்வார். லாரிக்கு முன்பணம் கொடுக்கவில்லை. லோடுக்கு முந்தைய வேலை நாளில் கேஷியர் கொடுக்க வேண்டும்.
> 6. செக்ரோலை 13 ஜனவரி 2026 (செவ்வாய்) வேலை முடியும் வரை மேஸ்திரி எழுதுவார், இது வருடா வருடம் நடப்பதுதான். 19 ஜனவரி (திங்கள்) முதல் ரைட்டர் எழுத வேண்டும்.
> 7. 31 மார்ச் 2026 (செவ்வாய்) ரைட்டர் ஸ்டோர் இருப்பு எடுக்க வேண்டும்.
>
> கேள்விகளை 31 அக்டோபர் (வெள்ளி) மாலை வரை என்னிடம் கேளுங்கள். 3 நவம்பர் முதல் மேனேஜரிடம் கேளுங்கள்.

மேலே 'இருப்பேன்' இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே இரண்டு பக்கமும் தேதி நிற்பதால் ஐயமில்லை. ஐந்தாம் வரியில் 'நாளை மேனேஜர்' என்பதை மட்டும் கடைசியில் மாற்றினேன். 'நாள்' என்ற சொல்லின் இரண்டாம் வேற்றுமையும், மறுநாளைக் குறிக்கும் 'நாளை'யும் எழுத்தில் ஒன்றுதான். மெயில் போகும்போது அது 'லோடு தேதியை மேனேஜர்' என்று போனது.

அனுப்பும் முன் எழுதியவர் ஒரு முறை முழுதாகப் படித்து, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் டிக் போட வேண்டும். நீங்கள் மாற்றிய வினைக்கு அவர்தான் பொறுப்பு. மெயில் போனதும் கேஷியர், ரைட்டர், மேனேஜர் மூவரையும் பதிலில் தங்கள் தேதிகளை மட்டும் திருப்பி எழுதச் சொல்லுங்கள். எங்கள் கேஷியரின் பதிலில் பி.எஃப்.புக்கு ஐந்து தேதிதான் இருந்தது, டிசம்பர் விட்டுப்போயிருந்தது. 31ஆம் தேதி மதியம் போனில் பேசிச் சரிசெய்தார்கள்.